எரிந்தது, எரிக்கப்பட்டது, எரித்தார்கள்: பொருண்மைப் பங்கும் எழுவாயும்

1. கேள்வி

ஒரு வாக்கியத்தின் பெயர்ச்சொற்களை இரு வகையாக இனம் காணலாம். நிகழ்வில் அந்தப் பெயர் குறிக்கும் ஆளோ பொருளோ என்ன செய்தது, அதற்கு என்ன ஆனது என்று பார்ப்பது ஒரு வகை. செயலைத் தன் விருப்பத்தோடு செய்பவர் வினைமுதல். செயலால் மாற்றம் அடைவது பாதிப்புறும் பொருள். வினைமுதல் கையாளும் பொருள் கருவி. இவற்றை மொழியியலார் பொருண்மைப் பங்குகள் என்பர். இரண்டாவது வகை, வாக்கிய அமைப்பில் அந்தப் பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. எழுவாயும் செயப்படுபொருளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பள்ளி இலக்கணம் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. செயலைச் செய்பவர் எழுவாய், செயலுக்கு உள்ளாவது செயப்படுபொருள் என்ற விளக்கம் 'முருகன் குப்பையை எரித்தான்' என்ற வாக்கியத்துக்குப் பொருந்தும். 'குப்பை எரிந்தது' என்பதில் அது பொருந்தாது. அங்கே எழுவாய் எதையும் செய்யவில்லை, அதற்குத்தான் ஏதோ நேர்ந்திருக்கிறது. எழுவாய்க்கும் வினைமுதலுக்கும் உள்ள இடைவெளியைத் தமிழ் எந்த வழிகளில் காட்டுகிறது, அந்த வழிகள் எங்கே தெளிவிழக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

எடுத்துக்காட்டுக்குப் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்குள்ள தமிழர்கள் நாள்தோறும் தமிழும் மலாயும் புழங்குபவர்கள். தமிழ் இந்தப் பங்குகளைப் பெரும்பாலும் பெயரின் வேற்றுமை உருபில் காட்டுகிறது. மலாய் பெரும்பாலும் வினையின் முன்னொட்டில் காட்டுகிறது. அதனால் ஒரே நிகழ்வை இரு மொழியிலும் சொல்லிப் பார்க்கும்போது பங்கும் அமைப்பும் பிரியும் இடம் தெளிவாகத் தெரியும். அந்த நிகழ்வு, ஜெலுத்தோங் கடலோரக் குப்பைமேட்டில் 2022 ஜனவரியில் மூண்ட தீ. தீயின் காரணத்தை இக்கட்டுரை ஆராயவில்லை. கீழே வரும் வாக்கியங்கள் எந்தச் செய்தி அறிக்கையிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல, விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை.

2. மரபு சொல்வது

இந்த வேறுபாடு தமிழ் இலக்கணத்துக்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழத் தேவையானவை எட்டு என்கிறது. செயல், செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக என்பது, என்ன பயன் என்பது ஆகியவை அவை. இவை வேற்றுமை உருபுகளின் பட்டியல் அல்ல, நிகழ்வின் உறுப்புகளின் பட்டியல். வேற்றுமையியலோ உருபுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் என்னென்ன பொருளில் வரும் என்று சொல்கிறது. ஆக, உருபு ஒரு தளத்திலும் பங்கு இன்னொரு தளத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன.

வினையியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. செயப்படுபொருளையே செய்பவர்போல் வைத்து வினைமுடிபு கொடுப்பதும் வழக்கில் உண்டு என்று அது விதிக்கிறது. மெழுகப்பட்ட திண்ணையைத் திண்ணையே மெழுகியதுபோல் சொல்வதை உரையாசிரியர்கள் இதற்குக் காட்டுவர். இன்று 'இந்தப் புத்தகம் நன்றாக விற்கிறது' என்று சொல்வதும் இதே வகைதான். புத்தகம் எதையும் விற்பதில்லை, அதைத்தான் யாரோ விற்கிறார்கள். ஆனாலும் வினைமுற்று புத்தகத்தோடு இயைகிறது.

வடமொழியில் பாணினி ஆறு காரகங்களை வகுத்து, அவற்றை வேற்றுமை உருபுகளிலிருந்து பிரித்து வைத்தார். அவருடைய கர்த்தா, செயலில் பிறர் சார்பின்றித் தன்னுரிமையோடு நிற்பது. பதினோராம் நூற்றாண்டு வீரசோழியம் காரகக் கருத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. நன்னூல், மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்ற பொருள்களைச் சொல்கிறது. கருத்தாவிலும் ஏவுபவர், தாமே செய்பவர் என்ற பிரிவை மரபு கண்டது. கோயிலைக் கட்டுவித்த அரசனும் கட்டிய தச்சனும் ஒரே உருபைப் பெறலாம், ஆனால் அவர்களின் பங்கு ஒன்றல்ல.

மேலை மொழியியலில் இந்தக் கேள்வி 1960களில் மீண்டும் எழுந்தது. ஜெஃப்ரி குரூபர் 1965இல் தம் ஆய்வேட்டிலும், சார்லஸ் ஃபில்மோர் 1968இல் தம் கட்டுரையிலும், எழுவாய் என்ற ஒரே இடத்தில் வெவ்வேறு பங்குகள் வந்து அமர்வதைக் காட்டினர். கதவைத் திறந்த ஆளும், திறந்த சாவியும், திறந்த கதவும் ஆங்கிலத்தில் முறையே எழுவாயாக வரமுடியும் என்பது ஃபில்மோரின் வாதத்துக்கு அடிப்படையான சான்றுகளில் ஒன்று.

3. எழுவாயை எப்படி அறிவது

பங்கையும் அமைப்பையும் பிரிப்பதற்கு, எழுவாயைப் பொருளின் துணையின்றி அறியும் சோதனைகள் வேண்டும். தமிழில் இரண்டு சோதனைகள் பெரிதும் உதவும்.

முதலாவது வினை இயைபு. எழுவாயின் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை வினைமுற்றின் விகுதி காட்டும். 'சிலர் குப்பைகளை எரித்தனர்' என்பதில் விகுதி சிலரோடு இயைகிறது. 'குப்பைகள் சிலரால் எரிக்கப்பட்டன' என்பதில் அது குப்பைகளோடு இயைகிறது. நிகழ்வு மாறவில்லை. எரித்தவர் வினைமுதலாகவும் குப்பை பாதிப்புற்றதாகவும் இரண்டிலும் இருக்கின்றன. எழுவாய் மட்டுமே மாறியிருக்கிறது.

இரண்டாவது 'தன்' என்ற சொல். அது பொதுவாக எழுவாயைச் சுட்டும். 'குமார் ரவியைத் தன் வீட்டில் பார்த்தான்' என்றால் இயல்பாகக் குமாரின் வீடு என்றே பொருள்படும். இவ்விரு சோதனைகளும் எப்போதும் ஒரே பெயரைக் காட்டுவதில்லை. அவை எங்கே பிரிகின்றன என்பதை ஆறாம் பகுதி பேசும்.

4. தீ பற்றிய மூன்று வாக்கியங்கள்

தமிழ் வினைகளில் பல இரட்டையாக வருகின்றன. எரிகிறது, எரிக்கிறது, உடைகிறது, உடைக்கிறது, அணைகிறது, அணைக்கிறது. கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த தம் ஆய்வில் இந்த இணைகளை விரிவாக ஆராய்ந்தார். செயப்படுபொருள் உண்டா இல்லையா என்று கேட்பதைவிட, வினையின் விளைவு எழுவாய்மேல் விழுகிறதா, எழுவாய்க்கு வெளியே விழுகிறதா என்று கேட்பது இவற்றை நன்கு விளக்கும் என்பது அவர் கருத்து. தன்வினை, பிறவினை என்ற பழைய பிரிவுக்கு இது பொருண்மை அடிப்படையைத் தருகிறது.

குப்பைமேட்டுத் தீயை மூன்று விதமாகச் சொல்லலாம்.

(அ) குப்பை எரிந்தது.
(ஆ) குப்பை எரிக்கப்பட்டது.
(இ) குப்பையை எரித்தார்கள்.

(அ)விலும் (ஆ)விலும் எழுவாய் குப்பைதான். இரண்டிலும் அதன் பங்கு பாதிப்புறும் பொருள்தான். இரண்டிலும் எரித்தவர் பெயர் இல்லை. ஆனால் இவை ஒன்றல்ல என்பதை எளிய சோதனை காட்டும். நோக்கம் சொல்லும் தொடர் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். 'இடத்தைக் காலி செய்வதற்காகக் குப்பை எரிக்கப்பட்டது' என்பது நல்ல தமிழ். 'இடத்தைக் காலி செய்வதற்காகக் குப்பை எரிந்தது' என்பது பொருந்தவில்லை. 'வேண்டுமென்றே' என்ற சொல்லும் (ஆ)வோடு சேரும், (அ)வோடு சேராது. 'தானாக' என்பது (அ)வோடு சேரும், (ஆ)வோடு சேராது.

நோக்கமும் விருப்பமும் இருக்க வேண்டுமென்றால் அவற்றுக்கு உரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். எனவே (ஆ)வில் வினைமுதல் சொல்லப்படவில்லையே தவிர, நிகழ்வில் இருக்கிறது. (அ)வில் வினை அந்தப் பங்கைக் கேட்கவே இல்லை. யாரும் எரிக்கவில்லை என்று (அ) மறுப்பதும் இல்லை. ஒருவர் தீ வைத்திருந்தாலும் 'குப்பை எரிந்தது' என்ற கூற்று உண்மையே. செயப்பாட்டு வினை செய்தவரை மறைக்கிறது என்று பொதுவாகக் குறை சொல்வதுண்டு. உண்மையில் அது செய்தவர் ஒருவர் உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, யார் என்பதை மட்டுமே விடுகிறது. அந்தக் கேள்வியையே எழுப்பாமல் விடுவது 'எரிந்தது' என்ற வினைதான்.

(இ) பேச்சுத் தமிழின் வழி. ஜெலுத்தோங் வீடுகளில் 'எரிக்கப்பட்டது' என்று யாரும் பேசுவதில்லை. 'யாரோ நெருப்பு வச்சுட்டாங்க' என்பார்கள், அல்லது 'எரிஞ்சு போச்சு' என்பார்கள். முதல் வாக்கியத்தில் செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் விகுதி உயர்திணைப் பன்மையைக் காட்டி, மனிதர் செய்த செயல் என்று உறுதிப்படுத்துகிறது. 'யாரோ' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் அந்த உறுதி குறையாது. எழுத்துத் தமிழ் செயப்பாட்டு வினைக்குத் தரும் வேலையைப் பேச்சுத் தமிழ் இந்தப் பன்மை விகுதிக்குத் தருகிறது.

மலாயில் இதே மூன்றும் முன்னொட்டால் பிரிகின்றன. மெம்பாக்கார் என்றால் எரிப்பது. அதன் எழுவாய் வினைமுதல். டிபாக்கார் என்றால் எரிக்கப்படுவது. அதன் எழுவாய் பாதிப்புறும் பொருள். தெர்பாக்கார் என்றால் தீப்பற்றி எரிவது. முதல் பார்வையில் டிபாக்கார் 'எரிக்கப்பட்டது' என்பதற்கும் தெர்பாக்கார் 'எரிந்தது' என்பதற்கும் நேர் இணைகள்.

ஆனால் தெர் என்ற முன்னொட்டைத் தமிழின் தன்வினையோடு அப்படியே சமப்படுத்த முடியாது. தெர்மாக்கான் என்றால் தவறுதலாகச் சாப்பிட்டுவிடுவது. அங்கே எழுவாய் உண்டவரே, அதாவது செயலைச் செய்தவரே. இல்லாதது அவருடைய எண்ணம் மட்டும். எனவே தெர் இந்தப் பயன்பாட்டில் நீக்குவது செய்தவரை அல்ல, விருப்பத்தை. தமிழின் 'எரிந்தது' நீக்குவது செய்தவர் என்ற இடத்தையே. தெர்மாக்கானுக்குத் தமிழில் தன்வினை வடிவம் உதவாது, 'தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன்' என்று அடைமொழி சேர்க்க வேண்டும். செய்தல், விரும்பிச் செய்தல் என்ற இரண்டும் வினைமுதல் என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருந்தாலும், மொழிகள் அவற்றைத் தனித்தனியே கையாள முடியும் என்பதற்கு இது சான்று.

5. ஆல் உருபு: செய்தவரா, கருவியா?

தமிழின் 'ஆல்' உருபு வினைமுதலுக்கும் வரும், கருவிக்கும் வரும், காரணத்துக்கும் வரும். 'வீரர்களால் தீ அணைக்கப்பட்டது', 'நுரையால் தீ அணைக்கப்பட்டது', 'காற்றால் தீ பரவியது' ஆகிய மூன்றிலும் உருபு ஒன்றே. வடிவம் உதவாத இடத்தில் பங்கைப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றுவது. 'வீரர்கள் நுரையால் தீயை அணைத்தனர்' என்னும்போது வீரர்கள் எழுவாய் ஆகிவிடுகிறார்கள். நுரையின் உருபு அப்படியே இருக்கிறது. செயப்பாட்டு வினையில் மட்டும் ஆல் பெறுவது வினைமுதல், செய்வினையிலும் ஆல் பெறுவது கருவி.

இரண்டு, 'கொண்டு' என்ற சொல்லை இட்டுப் பார்ப்பது. 'நுரையைக் கொண்டு அணைத்தனர்' என்பது இயல்பானது. 'காற்றைக் கொண்டு தீ பரவியது' என்று சொல்ல முடியாது. கருவியை ஒருவர் கையாள வேண்டும். காற்றை யாரும் கையாளவில்லை, எனவே அது கருவி அல்ல. அதற்கு விருப்பம் இல்லை, எனவே வினைமுதலும் அல்ல. மொழியியலார் இதை இயற்கை ஆற்றல் என்று தனிப் பங்காக வைப்பதுண்டு.

மூன்று, எழுவாயாக நிறுத்திப் பார்ப்பது. ஜெலுத்தோங் சந்தையில் மீன் வெட்டும் கடைக்காரர் 'இந்தக் கத்தி நல்லா வெட்டும்' என்று சொல்வது முற்றிலும் இயல்பானது. கருவி அங்கே எழுவாய். ஆனால் 'நேற்று அந்தக் கத்தி சுறாவை வெட்டியது' என்றால், கதை சொல்லும் நடையில் அன்றி, தமிழ்க் காது அதை எளிதில் ஏற்பதில்லை. முதல் வாக்கியம் கத்தியின் இயல்பைச் சொல்கிறது, இரண்டாவது ஒரு நாள் நடந்த ஒரு செயலைச் சொல்கிறது. கருவியின் இயல்பைப் பேசும்போது தமிழ் அதை எழுவாய் இருக்கையில் எளிதாக அமர்த்துகிறது. குறிப்பிட்ட செயலைப் பேசும்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் ஆளுக்கே ஒதுக்குகிறது. 'காற்று தீயைப் பரப்பியது' என்பதில் இந்தத் தடை இல்லை. ஆற்றலும் கருவியும் வேறு என்பதற்கு இது இன்னொரு சான்று.

மலாயில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவருக்கு ஓலெஹ் என்ற சொல்லும், கருவிக்கு டெங்ஙான் என்ற சொல்லும் வரும். புயலோ தீயோ ஒன்றை அழித்தது என்னும்போது ஆற்றலுக்கும் ஓலெஹ் வரும். அதாவது மலாய் ஆற்றலை வினைமுதலோடு சேர்த்து, கருவியைத் தனியே நிறுத்துகிறது. தமிழ் மூன்றையும் ஓர் உருபில் அடக்குகிறது. தமிழில் சிந்தித்து மலாயில் எழுதுபவர், 'கத்தியால் வெட்டப்பட்டது' என்பதற்கு டெங்ஙான் போட வேண்டிய இடத்தில் ஓலெஹ் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்படி எழுதினால் கத்தி தானே வெட்டியதுபோல் ஆகிவிடும். கொண்டு என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் டெங்ஙான், முடியாவிட்டால் ஓலெஹ் என்பது அங்கே உதவும் வழி.

ஆல் உருபுக்கு இன்னொரு பயனும் உண்டு. 'அவரால் தீயை அணைக்க முடியவில்லை' என்ற வாக்கியத்தில் அணைக்க முயன்றவர் ஆல் உருபோடு நிற்கிறார், தீ ஐ உருபோடு நிற்கிறது. வினையோடு இயையக்கூடிய எழுவாய் என்று ஒன்றும் இல்லை, வினை அஃறிணை ஒருமையிலேயே முடிகிறது. பங்குகள் நிறைந்த ஒரு வாக்கியம் எழுவாய் இல்லாமலும் முழுமையாக நிற்க முடியும்.

6. அனுபவிப்பவரும் கு உருபும்

விருப்பத்தோடு செய்வதும் இல்லை, உருமாற்றம் அடைவதும் இல்லை என்ற நிலையில் இருப்பவர் அனுபவிப்பவர். அறிதல், பிடித்தல், பசித்தல், வலித்தல் போன்ற வினைகளில் அவருக்குத் தமிழ் நான்காம் வேற்றுமை உருபைத் தருகிறது. 'அந்தப் பாட்டிக்கு மூச்சு முட்டியது' என்பதில் வினை மூச்சோடு இயைகிறது. முட்டலை உணர்பவரோ பாட்டி.

இப்போது மூன்றாம் பகுதியின் சோதனைகளை 'குமாருக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்' என்ற வாக்கியத்தில் வைத்துப் பார்க்கலாம். வினை இயைபுச் சோதனை குமாரை எழுவாய் என்று ஏற்கவில்லை. குமாருக்குப் பதில் 'எனக்கு', 'அவர்களுக்கு' என்று எதை வைத்தாலும் வினை 'பிடிக்கும்' என்றே இருக்கும். ஆனால் 'தன்' குமாரையே சுட்டுகிறது. தம்பியும் எழுவாய் அல்ல, ஏனெனில் அவன் பெயரில் ஐ உருபு இருக்கிறது. ஒரு சோதனை குமாரை ஒதுக்குகிறது, மற்றது அவரை எழுவாய்போல் நடத்துகிறது.

இதற்கு அறிஞர்கள் தரும் விளக்கம் இரு வகை. ஒரு சாரார் இதை நான்காம் வேற்றுமை எழுவாய் என்றே அழைத்து, உருபு வேறானாலும் அமைப்பில் அது எழுவாய்தான் என்பர். மறு சாரார் எழுவாய் இல்லை, 'தன்' என்ற சொல் அமைப்பைப் பாராமல் பங்குகளில் முதன்மையானதைச் சுட்டுகிறது என்பர். தமிழ்ச் சான்றுகள் முழுதும் ஒரு பக்கம் சாயவில்லை. எழுவாய் என்பது பல பண்புகளின் தொகுப்பு, அவை சில வாக்கியங்களில் ஒரே பெயரில் கூடாமல் பிரிந்து நிற்கும் என்று கொள்வதே இரு சோதனைகளுக்கும் இடம் தருகிறது.

மலாயில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. விரும்புபவரும் அறிபவரும் அங்கே செய்பவரைப் போலவே வினைக்கு முன் வெறும் பெயராக நிற்பர். பங்கு வேறாக இருந்தாலும் அமைப்பு வேறாக வேண்டியதில்லை என்பதற்கு மலாய் சான்று. பங்கின் வேறுபாடு உருபிலேயே வெளிப்படலாம் என்பதற்குத் தமிழ் சான்று.

7. ஐ உருபின் எல்லை

எழுவாய் வினைமுதல் அல்ல என்பதுபோலவே, ஐ உருபும் பாதிப்பின் அடையாளம் அல்ல. 'அவர் கடலைப் பார்த்தார்' என்பதில் கடலுக்கு எதுவும் நேரவில்லை. மறுபுறம், 'தீ வைத்தார்கள்', 'மீன் வாங்கினார்' என்ற வாக்கியங்களில் செயப்படுபொருள் உருபின்றியே நிற்கிறது. 'மீனை வாங்கினார்' என்றால் முன்பே பேசப்பட்ட, இன்னது என்று தெரிந்த மீன். 'மீன் வாங்கினார்' என்றால் ஏதோ மீன். மீனின் பங்கு இரண்டிலும் ஒன்றே. உயர்திணைப் பெயராக இருந்தால் உருபு பெரும்பாலும் கட்டாயமாகிறது. உருபு வருவதை இங்கே முடிவு செய்வது பாதிப்பின் அளவல்ல, பொருளின் திணையும் குறிப்புத்தன்மையும்.

8. பங்குகள் எத்தனை?

இந்த ஆய்வுமுறைக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான தடை, பங்குகளின் எண்ணிக்கையில் உடன்பாடு இல்லை என்பது. தொல்காப்பியத்தில் எட்டு, பாணினியிடம் ஆறு, ஃபில்மோரின் 1968 பட்டியலில் வேறு ஆறு. காற்றுக்குத் தனிப் பங்கு கொடுத்தால் நோய்க்கும் வறுமைக்கும் கொடுக்க வேண்டாமா என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல்களில் விடை இல்லை.

டேவிட் டௌட்டி 1991இல் இதற்கு வேறு வழி சொன்னார். பங்குகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கொள்ளாமல், வினைமுதல் தன்மை, பாதிப்புறு தன்மை என்ற இரண்டை மட்டும் வைத்து, ஒவ்வொன்றையும் பல பண்புகளின் தொகுப்பாகக் கண்டார். விருப்பம், உணர்வு, மாற்றத்தை விளைவித்தல், இயங்குதல் ஆகியவை முதல் தொகுப்பு. மாற்றம் அடைதல், பிறிதொன்றால் விளைவிக்கப்படுதல் முதலியவை இரண்டாவது. முதல் தொகுப்பின் பண்புகளை மிகுதியாகப் பெற்ற பெயர் எழுவாயாகும் என்பது அவர் விதி.

இதுவரை கண்ட வாக்கியங்கள் இவ்விதியில் பெரிதும் அடங்குகின்றன. தீயை அணைத்த வீரருக்கு முதல் தொகுப்பின் பண்புகள் எல்லாம் உண்டு. காற்றுக்கு விளைவித்தலும் இயக்கமும் மட்டும் உண்டு, அதனால் அது எழுவாயாக வரமுடிகிறது. கத்தியின் இயக்கமும் விளைவும் வெட்டுபவரின் கையிலிருந்து வருபவை, அதனால் குறிப்பிட்ட செயலில் அது தயங்குகிறது. அனுபவிப்பவருக்கு உணர்வு மட்டுமே உண்டு. மலாய் அந்த ஒரு பண்பைப் போதுமானதாக எடுத்துக்கொண்டு அவரை எழுவாயாக்குகிறது, தமிழ் 'தன்' என்ற சொல்லை அவருக்குத் தந்து வினை இயைபைத் தராமல் விடுகிறது. தெர்மாக்கானில் விருப்பம் மட்டும் நீங்கி மற்றப் பண்புகள் நிற்கின்றன.

விதி விளக்காத இடம், வினைமுதல் இருந்தும் பாதிப்புற்ற பொருள் எழுவாயாகும் செயப்பாட்டு வாக்கியமும், புத்தகம் விற்கிறது போன்ற வழக்குகளும். அங்கே எழுவாயைத் தேர்வது நிகழ்வின் உறுப்புகள் அல்ல, எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்பதே. இந்த மூன்றாவது தளத்தையும் கணக்கில் கொண்டால்தான் எழுவாய்த் தேர்வு முழுமையாக விளங்கும். பங்கு நிகழ்வுக்கு உரியது, பேசுபொருள் உரையாடலுக்கு உரியது. எழுவாய் என்பது இவ்விரண்டின் தேவைகளையும் ஒரு மொழியின் இலக்கணம் தனக்கே உரிய முறையில் சந்திக்கவைக்கும் இடம்.